வீடு வீடாகத் தரம் பிரித்த குப்பை: நகராட்சிக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

எங்கள் குடியிருப்பிலிருந்து நகராட்சிக்குக் குப்பை பற்றி இரண்டு கடிதங்கள் போயின. முதல் கடிதம் மூன்று பக்கம். தெருமுனைத் தொட்டி நாறுகிறது, நாய்கள் கவரை இழுத்து நடுரோட்டில் போடுகின்றன, கொசு தாங்க முடியவில்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் 'வீடு வீடாக வந்து தரம் பிரித்து வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் லாரி வந்து தொட்டியை அள்ளிக்கொண்டு போனது. பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். 'தங்கள் குறை சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது. நாங்கள் எழுதியது குறை, அவர்கள் செய்தது குறைக்கான வேலை. அந்தக் கடைசி வரியை யாரும் படிக்கவில்லை.

இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். நாற்றம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நான்கு தெருக்களில் எத்தனை வீடு, வண்டி எந்த முனையில் எத்தனை மணிக்கு நுழைந்து எங்கே வெளியேறலாம், எந்தச் சந்தில் வண்டி நுழையாது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சேரும் என்பதெல்லாம் இருந்தது. எட்டாம் நாள் துப்புரவு ஆய்வாளர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் தெருவுக்கு வந்தார்.

உங்கள் பகுதிக்காக இப்படி ஒரு கடிதம் எழுத நினைத்தால், பேனாவை எடுப்பதற்கு முன் பத்து நாள் வேலை இருக்கிறது. அந்த வேலையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். கடிதம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

யாருக்கு எழுதுவது

நகராட்சியில் நிர்வாகம் ஆணையர் கையில். பணம் ஒதுக்குவதும் தீர்மானம் போடுவதும் நகர்மன்றம். அன்றாடம் எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பிரித்து விடுவது சுகாதாரப் பிரிவு. அதில் உங்கள் வார்டைப் பார்ப்பவர் துப்புரவு ஆய்வாளர், அவருக்குக் கீழே மேற்பார்வையாளர்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், புதிய வண்டி வேண்டும், கூடுதல் ஆள் வேண்டும் என்று கேட்டால் அது மன்றத்துக்குப் போக வேண்டும். மதிப்பீடு, தீர்மானம், ஒப்பந்தம் என்று மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே வார்டுக்கு இருக்கிற வண்டியின் நேரத்தையும் பாதையையும் மாற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஆணையரின் ஒப்புதலோடு சுகாதாரப் பிரிவே செய்துவிட முடியும். அதனால் நீங்கள் எழுதும் முதல் கடிதத்தில், ஏற்கெனவே இருக்கிற வண்டியையும் ஆளையும் கொண்டு என்ன செய்யலாம் என்பதை மட்டும் கேளுங்கள். அது மூன்று மாதம் ஓடிய பிறகு, கூடுதலாக வேண்டியதை மன்றத்திடம் கேட்கலாம். அப்போது கையில் கணக்கு இருக்கும்.

கடிதத்தை நகர்மன்றத் தலைவர், ஆணையர் இருவர் பெயருக்கும் எழுதி, நகர்நல அலுவலருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் நகல் கொடுங்கள். கவுன்சிலரிடம் நகலை நேரில் கொடுப்பது நல்லது. தனக்குத் தெரியாமல் தன் வார்டில் ஒன்று நடக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டால் பிறகு அதைச் சரிசெய்வது கஷ்டம்.

ஒரு காலை, வண்டியோடு நடங்கள்

எங்கள் பகுதிக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அவரிடம் கேட்டுக்கொண்டு கூடவே நடந்தேன். கையில் ஒரு நோட்டு, போனில் நேரம்.

நான்கு தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் கவரைக் கேட்டில் மாட்டியிருந்தார்கள், மீதிப்பேர் முனைத் தொட்டியில் வீசிவிட்டுப் போகிறவர்கள். எல்லாம் கலந்த குப்பை. தள்ளுவண்டி நிறைந்ததும் அவர் அதை வேப்பமரத்தடியில் சாய்த்து, உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். ஒரு கவரை அவிழ்த்தபோது உள்ளே பழைய சோறு, அதில் ஒட்டிய பால் கவர், தேங்காய்ச் சிரட்டை, சுருட்டாமல் போட்ட குழந்தை டயப்பர், அடியில் ஒரு ஷேவிங் பிளேடு. உறை போடாத கை. பிளேடை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "பிரிச்சுக் குடுத்தா கொட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன் தம்பி. இப்படிக் குடுத்தா இங்கயே உக்காந்து ஒண்ணரை மணி நேரம் பிரிக்கோணும். அதுக்குள்ள வெயில் ஏறிரும்."

அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் கடிதத்தின் அடிப்படை. வீட்டிலேயே பிரித்துவிட்டால் அந்த நேரம் மிச்சம். அந்த நேரத்தில்தான் அவரால் வீடு வீடாக வர முடியும். கூடுதல் ஆள் கேட்காமல் வீடு வீடாக வரச் சொல்வதற்கு வேறு நியாயம் கிடையாது. உங்கள் பகுதியில் இந்த நேரம் எவ்வளவு என்பதை நீங்களே நின்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வாசல், மாடியில் தனிக்குடித்தனம் எத்தனை, கடைகள் எத்தனை, தெருவின் அகலம், முட்டுச்சந்து எது, பேட்டரி வண்டி எங்கே திரும்ப முடியும், பள்ளி வேன்கள் எத்தனை மணிக்குத் தெருவை அடைக்கின்றன என்பவை. எங்கள் நான்கு தெருவில் 212 வீடு. அதில் 38 வீடு ஏழடிச் சந்துக்குள் இருப்பவை. பேட்டரி வண்டி அங்கே நுழையாது.

ஏழு நாள் எடை

'அதிகமான குப்பை சேருகிறது' என்று எழுதினால் அதை வைத்து யாரும் வண்டி ஒதுக்க முடியாது. கிலோவில் சொல்ல வேண்டும். அதற்கு எல்லா வீட்டையும் எடை போட வேண்டியதில்லை. 20 வீடு போதும். ஆனால் அந்த இருபதில் வாடகை வீடு, சொந்த வீடு, குழந்தை இருக்கும் வீடு, முதியவர் மட்டும் இருக்கும் வீடு என்று கலந்து இருக்கட்டும். சங்கக் கூட்டத்துக்கு வரும் இருபது பேரையே எடுத்தால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொக்கித் தராசு இரவல் வாங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாளி, ஒரு அரிசிச் சாக்கு, ஒரு சிறிய பை. வாளியில் மட்கும் குப்பை. சாக்கில் மட்காதது. பையில் நாப்கின், டயப்பர், பேண்டேஜ், உடைந்த பல்பு, காலாவதி மாத்திரை. ஞாயிறையும் சேர்த்து ஏழு நாள் எடை எடுங்கள். ஞாயிறன்று கறி, மீன் கழிவால் ஈரக் குப்பை கூடும். அந்த ஒரு நாளை விட்டால் கணக்கு குறைவாக வரும். பொங்கல், ஆயுத பூஜை வாரம் வேண்டாம். வாழை மரமும் பூசணிக்காயும் சேர்ந்து எடை எங்கேயோ போய்விடும்.

எங்களுக்கு வந்தது இது: 20 வீட்டில் ஏழு நாளில் மட்கும் குப்பை 67.2 கிலோ, மட்காதது 29.4 கிலோ, நாப்கின் வகையும் மற்றவையும் 5.6 கிலோ. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு என்று பார்த்தால் முறையே 480 கிராம், 210 கிராம், 40 கிராம். 212 வீட்டுக்குப் பெருக்கினால் மட்கும் குப்பை சுமார் 102 கிலோ, மட்காதது 45 கிலோ, மீதி எட்டரைக் கிலோ. உங்கள் ஊரில் இது மாறும். எங்கள் எண்களை எடுத்து உங்கள் கடிதத்தில் போட்டுவிடாதீர்கள். ஆய்வாளர் 'இதை எப்படி எடுத்தீர்கள்?' என்று கேட்டால் உங்கள் நோட்டைக் காட்ட முடிய வேண்டும்.

இந்த எடையில் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. எடையில் ஈரக் குப்பை அதிகம், ஆனால் இடத்தை அடைப்பது உலர் குப்பை. அட்டைப் பெட்டியும் பாட்டிலும் பால் கவரும் வண்டியை நிரப்பிவிடும். தினமும் இரண்டையும் எடுத்தால் வண்டி பாதித் தெருவிலேயே நிறைந்து திரும்ப வேண்டும். அதனால் ஈரக் குப்பை தினமும், உலர் குப்பை வாரம் ஒருமுறை என்று வைத்தோம். ஒரு வீட்டில் ஒரு வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ உலர் குப்பைதான். அது ஒரு அரிசிச் சாக்கில் அடங்கும். காய்ந்த பொருள் என்பதால் நாறாது, பால் கவரை மட்டும் ஒருமுறை அலசிப் போட வேண்டும். இரண்டு தெருவுக்குப் புதன், இரண்டு தெருவுக்குச் சனி என்று பிரித்தால் அந்த நாட்களிலும் வண்டி தாங்கும்.

கிலோவை நேரமாக மாற்றுங்கள்

வண்டி நின்று, வீட்டுக்காரர் வந்து, வாளியைக் கவிழ்த்து, அடுத்த வாசலுக்கு நகர சராசரியாக 45 விநாடி ஆனது. அந்த அக்காவோடு நடந்தபோது முப்பது வீட்டில் போனில் அளந்த கணக்கு இது. சந்து நீங்கலாக 174 வீட்டுக்கு 130 நிமிடம். தெரு மாறித் திரும்ப 20 நிமிடம். ஆக இரண்டரை மணி நேரம். ஆறரைக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்கு முடியும். சந்தின் 38 வீட்டுக்குத் தள்ளுவண்டி அரைமணி நேரத்தில் வாங்கிவிட்டு, சந்து முனையில் பேட்டரி வண்டிக்கு மாற்றிவிடலாம்.

இந்த ஒன்பது மணி எவ்வளவு முக்கியம் என்பது ஆய்வாளர் வந்தபோதுதான் புரிந்தது. கடிதத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தையே, "ஒம்பதுக்குள்ள முடியும்னா வண்டிய நான் விடறேன் சார். ஒம்பதுக்கு மேல அது மார்க்கெட்டுக்குப் போகணும்" என்பதுதான். உங்கள் வார்டு வண்டி அடுத்து எங்கே போகிறது என்று ஓட்டுநரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிரித்தது எங்கே போகும்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. வாசலில் பிரித்து வாங்கி, கடைசியில் ஒரே லாரியில் கொட்டினால் ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பிரிக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் கடிதம் எழுதும் முன் உங்கள் நகராட்சியின் நுண்ணுரம் தயாரிக்கும் மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஈரக் குப்பையை அரைத்துத் தொட்டிகளில் போட்டு, கிளறி, மாட்டுச்சாணக் கரைசல் தெளித்து, ஆறேழு வாரத்தில் உரமாக்கும் இடம் அது. அங்கே இரண்டு கேள்வி போதும். எங்கள் பகுதியின் நூறு கிலோ ஈரக் குப்பையை வாங்கக் காலித் தொட்டி இருக்கிறதா? உலர் குப்பையை எங்கே இறக்குகிறீர்கள்? நாங்கள் போன மையத்தில் அரவை இயந்திரம் நின்று கிடந்தது. சாக்குக் கயிறும் கேரிபேக்கும் பல்லில் சுற்றிக்கொண்டிருந்தன. 'சுத்தமான ஈரக் குப்பை வந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வேன்' என்றார் அங்கிருந்தவர். அந்த ஒரு பேச்சைக் கடிதத்தில் சேர்த்தோம்: கேரிபேக் கட்டிய ஈரக் குப்பையை எங்கள் தெருவில் வாங்க வேண்டாம், வாளியிலிருந்து நேராகக் கொட்டச் செய்வது எங்கள் பொறுப்பு.

அள்ளும் வேலை ஒப்பந்தக்காரரிடம் இருந்தால் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிடங்கில் இறக்கும் டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால், எடை குறைவது அவருக்கு நஷ்டம். அங்கே தரம் பிரிக்கும் திட்டம் சத்தமில்லாமல் நின்றுபோகும். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியாக எடை போட்டுப் பதிய வேண்டும் என்று கடிதத்தில் கேட்பதுதான் இதற்கு ஒரே வழி.

விதியை எவ்வளவு எழுதுவது

ஒரு வரி. முதல் கடிதத்தில் நாங்கள் விதிகளை அரைப் பக்கம் எழுதியிருந்தோம். அதிகாரிக்கு அவை தெரியும், நாம் மிரட்டுகிறோம் என்றுதான் தோன்றும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மூன்றாகப் பிரிப்பதை வீட்டுக்காரரின் கடமையாகவும், வீடு வீடாக வந்து வாங்குவதை உள்ளாட்சியின் கடமையாகவும் வைத்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2026 விதிகள் அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. இவற்றில் நான்கு வகை: ஈரம், உலர், நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, பெயின்ட் டப்பா, பல்பு, மருந்து போன்ற தனிக்கவனம் தேவைப்படும் கழிவு. பழைய மாதிரிக் கடிதங்களைப் பார்த்து எழுதினால் 2016 என்றும் மூன்று வகை என்றும் வந்துவிடும். திருத்திக்கொள்ளுங்கள்.

கடிதம்

எங்கள் கடிதத்தைப் புதிய விதிக்கு ஏற்ப மாற்றி இங்கே தருகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது நீங்கள் நிரப்ப வேண்டியது. எண்கள் எங்களுடையவை.

அனுப்புநர்:
செயலாளர், (சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி)

பெறுநர்:
1. நகர்மன்றத் தலைவர் அவர்கள்
2. ஆணையர் அவர்கள்
(நகராட்சியின் பெயர்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: வார்டு எண் ( ) – நான்கு தெருக்கள் – 212 வீடுகளில் தரம் பிரித்த குப்பையை வீடு வீடாகப் பெறுதல் – தற்போதுள்ள வண்டி, பணியாளர்களைக் கொண்டே மூன்று மாத முன்னோட்டம் – அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026.

வணக்கம். எங்கள் பகுதியின் நான்கு தெருக்களில் 212 வீடுகளும் 11 கடைகளும் உள்ளன. தற்போது குப்பை கலந்த நிலையில் பெறப்பட்டு, தூய்மைப் பணியாளர் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் கையால் பிரிக்கிறார். வீடுகளிலேயே பிரித்துக் கொடுத்தால் இந்த நேரத்தில் எல்லா வீடுகளிலும் நேரடியாகக் குப்பையைப் பெற இயலும்.

20 வீடுகளில் ஏழு நாட்கள் எடையிட்டுப் பார்த்ததில், எங்கள் பகுதியில் நாளொன்றுக்கு ஈரக் குப்பை சுமார் 102 கிலோவும், உலர் குப்பை 45 கிலோவும், சுகாதாரக் கழிவு மற்றும் தனிக்கவனக் கழிவு எட்டரைக் கிலோவும் சேரும் எனத் தெரிகிறது. எடைப் பதிவேடு இணைக்கப்பட்டுள்ளது.

வார்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ள பேட்டரி வண்டியைக் காலை 6.30 முதல் 9.00 வரை இணைப்பில் உள்ள வரைபடத்தின்படி இயக்கினால் 174 வீடுகளில் குப்பையைப் பெறலாம். வண்டி நுழையாத சந்தில் உள்ள 38 வீடுகளுக்குத் தள்ளுவண்டி போதுமானது. ஈரக் குப்பையும் சுகாதாரக் கழிவும் தினமும், உலர் குப்பை முதல் இரண்டு தெருக்களில் புதனன்றும் மற்ற இரண்டில் சனியன்றும், தனிக்கவனக் கழிவு மாதத்தின் முதல் சனியன்றும் பெறப்பட வேண்டுகிறோம்.

தங்களிடம் வேண்டுவன: மேற்கண்ட நேரத்துக்கும் பாதைக்கும் அனுமதி; வண்டியில் நான்கு வகைக்கும் தனித்தனி டப்பாக்கள்; பணியாளர்களுக்குக் கையுறை; ஈரக் குப்பையை நுண்ணுர மையத்திலும் உலர் குப்பையைத் தனியாகவும் எடையிட்டுப் பதிதல்; உலர் குப்பை விற்ற தொகை பணியாளர்களுக்குக் கிடைக்கச் செய்தல்.

எங்கள் பொறுப்பு: 212 வீடுகளிலும் நேரில் விளக்குதல், ஒவ்வொரு தெருவிலும் இரு தன்னார்வலர் முதல் 21 நாட்கள் வண்டியுடன் நடத்தல், ஈரக் குப்பையைக் கேரிபேக்கில் கட்டாமல் தருதல், வாரந்தோறும் எத்தனை வீடுகள் பிரித்துத் தருகின்றன என்ற கணக்கைத் துப்புரவு ஆய்வாளரிடம் அளித்தல்.

தெருமுனைத் தொட்டியை உடனடியாக அகற்ற வேண்டாம் எனவும், 21 நாட்களுக்குப் பின் ஆய்வாளருடன் கூட்டாகப் பார்வையிட்டு முடிவு செய்யலாம் எனவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பம், நாள், இடம்)

இணைப்பு: வண்டிப் பாதை வரைபடம்; ஏழு நாள் எடைப் பதிவேடு; 164 வீட்டாரின் கையொப்பம்.
நகல்: நகர்நல அலுவலர், வார்டு மன்ற உறுப்பினர்.

வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்றில்லை. ஒரு வெள்ளைத்தாளில் தெருக்களை வரைந்து, வண்டி போகும் திசைக்கு அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு தெருவிலும் வீட்டின் எண்ணிக்கையை எழுதினால் போதும். ஆய்வாளர் தன் ஓட்டுநரிடம் கொடுத்தது அந்தத் தாளைத்தான்.

கையொப்பம் வாங்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'பிரித்துத் தர ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரி இருக்கட்டும். வெறும் கையெழுத்து ஆதரவுக்கு. இந்த வரி இருந்தால் அது வாக்கு. வாடகை வீட்டுக்காரர்களிடமும் கட்டாயம் வாங்குங்கள். குப்பை போடுவது அவர்கள், வீட்டு உரிமையாளர் அல்ல.

கொடுத்த பிறகு

நகராட்சி அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாள் துப்புரவு ஆய்வாளரை நேரில் பார்த்து ஒரு நகல் கொடுங்கள். கோப்பு கடைசியில் 'அறிக்கை தருக' என்று அவரிடம்தான் வரும். அப்போது அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் அறிக்கை வேகமாகப் போகும்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் முத்திரை போட்ட நகலோடு ஆணையரைப் போய்ப் பாருங்கள். பகுதி சபைக் கூட்டம் வருகிறதென்றால் அங்கே படித்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் முதல்வரின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மனுப் போடலாம், 1100-இல் அழைத்தும் பதியலாம். ஆனால் இதை முதல் படியாக எடுக்காதீர்கள். அங்கே போனால் இதுவும் ஒரு குறையாகப் பதிவாகி, எங்கள் முதல் கடிதம் போலவே தொட்டியை அள்ளி முடித்துவைக்கப்பட வாய்ப்பு அதிகம்.

அனுமதி கிடைத்த மூன்று வாரம்

எங்களுக்கு முதல் வாரம் 212-இல் 90 வீடுகூடத் தேறவில்லை. காரணத்தைத் தேடிப் போனால், பிரிக்க மனமில்லாதவர்கள் கொஞ்சம்தான். நிறையப்பேர் ஆறேமுக்காலுக்கே மில்லுக்கோ பஸ்ஸுக்கோ கிளம்பிவிடுகிறவர்கள். வண்டி வரும்போது வீட்டில் ஆள் இல்லை. மூடி போட்ட வாளியைக் கேட்டின் உள்பக்கம் நாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொன்னோம். மாடிவீட்டுக்காரர்களுக்கு மணிச்சத்தம் கேட்டு இறங்கி வருவதற்குள் வண்டி போய்விடுகிறது. ஓட்டுநரைத் தெருமுனையிலேயே ஒருமுறை மணி அடிக்கச் சொன்னதும் அது சரியானது.

தொட்டியை எடுப்பதில் அவசரம் வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதியதற்குக் காரணம், பக்கத்து வார்டில் பார்த்தது. வண்டி வரத் தொடங்கிய அன்றே தொட்டியைத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் தொட்டி இருந்த இடத்தில் தரையிலேயே குவியல். மூன்றாம் வாரம் எங்களில் 170 வீடு பிரித்துத் தரத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் தொட்டியை எடுக்கச் சொன்னோம். எடுத்த அன்றே அந்த இடத்தைக் கழுவி, கோலம் போட்டு, பத்து நாள் காலை ஆறு மணிக்கு ஒருவர் அங்கே நின்றோம்.

திட்டம் ஓடுகிறதா என்று பார்க்க வீட்டு வாசலில் நிற்காதீர்கள். ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பும் இடத்தில் நில்லுங்கள். ஈரக் குப்பை டப்பாவின் மேலே பார்த்தால் போதாது, ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். அடியில் கேரிபேக் முடிச்சு தென்பட்டால் ஏதோ ஒரு தெருவில் கட்டிய கவரை அப்படியே வாங்கியிருக்கிறார்கள். எந்தத் தெரு என்று அந்த அக்காவுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை வண்டியின் பின்னாலேயே நுண்ணுர மையம் வரை போய், இறக்கும்போது பார்த்துவிட்டு எடைப் பதிவேட்டில் அன்றைய கணக்கைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் பகுதிக்கு மூன்றாம் மாதம் ஈரக் குப்பை சராசரி 88 கிலோ பதிவாகியிருந்தது. நாங்கள் சொன்ன 102-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், இன்னும் பிரிக்காத வீடுகள். அந்தப் பதிவேட்டின் நகலைத்தான் இப்போது இரண்டாவது வண்டி கேட்டு நகர்மன்றத்துக்கு எழுதும் கடிதத்தோடு இணைத்திருக்கிறோம்.